'டீம் பிளேயர்' என்ற இடத்தில் ஒரு சீட்டு: ஒரு பயோடேட்டா திருத்திய கதை

மதுரை பசுமலையில் எங்கள் தெருவில் ஒரு பெண். வயது 27. பி.காம் முடித்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் நாலு வருஷம் பில்லும் டெஸ்பாட்ச்சும் பார்த்தவள். கல்யாணம், குழந்தை என்று ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடினாள். கப்பலூர் சிட்கோ பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தால் போதும் என்பது அவள் எண்ணம். பதினோரு இடத்துக்கு அனுப்பியும் ஒரு இடத்திலிருந்துகூட போன் வரவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல வருஷம் விண்ணப்பம் பிரித்தவள். "அக்கா, இதுல என்ன தப்புன்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மேலே ஒரு பத்தி: கடின உழைப்பாளி, டீம் பிளேயர், எந்த நெருக்கடியிலும் வேலை செய்யக்கூடியவர், நுணுக்கமாகக் கவனிப்பவர், வேகமாகக் கற்றுக்கொள்பவர். அதன் கீழே, நாலு வருஷ வேலைக்கு ஒரே வரி: "பில்லிங் மற்றும் டெஸ்பாட்ச் வேலைகளைக் கவனித்தேன்." டெஸ்க்டாப் சென்டரில் அடித்துக் கொடுத்தவர், தம்மிடம் ஏற்கெனவே இருந்த ஒரு தாளில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

அந்த ஐந்து சொல்லிலும் பொய் இல்லை. ஆனால் அவள் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் அது யாருடைய தாளாகவும் இருக்கலாம். நான் வேலையில் இருந்தபோது ஒரு கட்டு விண்ணப்பம் வந்தால் அதில் பாதிக்கு மேல் இதே பத்தியோடுதான் வரும். கண் அதைத் தாண்டிக்கொண்டு நேராகக் கீழே போய், முன்பு எந்த மாதிரி இடத்தில், என்ன வேலை என்று தேடும். அவள் தாளில் கண் தேடிப் போன இடத்தில்தான் ஒரே ஒரு வரி இருந்தது.

"நாலு வருஷம் அங்க என்னம்மா பண்ணுன?" என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. பில்லு போடுறது, பண்டல் அனுப்புறது. அம்புட்டுதான்."

இந்தப் பதிலை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். தினமும் செய்த வேலை, செய்தவர் கண்ணுக்கு வேலையாகவே தெரிவதில்லை. "உன் சாதனை என்ன?" என்று கேட்டால் வாயடைத்துப் போவார்கள். அதனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "தீபாவளி சீசன்ல ஒரு நாளு. காலையில கடைக்குள்ள நுழையுறதுல இருந்து சொல்லு" என்றேன். அதற்கு முக்கால் மணி நேரம் பேசினாள்.

மொத்தக்கடையில் சீசன் என்பது தீபாவளிக்கு முந்தின மாதம். தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, ராஜபாளையம் என்று வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து சரக்குப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். சேல்ஸ் பையன்கள் ரகம் பார்த்து எடுத்து அடுக்குவார்கள். இவள் பில் போடுவாள். பேக்கிங் அண்ணன்கள் இருவர் கோணியில் கட்டித் தைப்பார்கள். லோடு ஆட்டோ பார்சல் ஆபீசுக்குப் போகும். அங்கே இரவு ஏழரைக்கு மேல் சரக்கு எடுக்க மாட்டார்கள். எல்.ஆர், அதாவது லாரி ரசீது, கைக்கு வந்ததும் அதைப் போட்டோ எடுத்து அந்தந்த ஊர்க் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் இவள் வீட்டுக்குக் கிளம்புவாள்.

"சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை பண்டல் போகும்?"

"நூறுக்கு மேல போகும்க்கா."

"எண்ணிப் பாத்தியா?"

எண்ணவில்லை. ஆனால் அவள் பழைய போனில் எல்.ஆர் போட்டோ எல்லாம் அழியாமல் கிடந்தது. சீசனில் ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, தேதி வாரியாக எடுத்து எண்ணினோம். மொத்தம் 186 எல்.ஆர். நாளுக்கு 31. நூறு எங்கே, முப்பத்தொன்று எங்கே என்று அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் எல்.ஆர் எண்ணிக்கையும் பண்டல் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரே கடைக்கு மூன்று பண்டல் போனாலும் ரசீது ஒன்றுதான். ரசீதில் உருப்படி எத்தனை என்ற கட்டத்தைப் பார்த்துக் கூட்டினால் ஆறு நாளில் 436 பண்டல். நாளுக்கு எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று.

நூறு என்று அவள் சொன்னதில் ஏமாற்று எதுவும் இல்லை. களைத்துப்போன நாள்களை மனசு பெரிதாக்கித்தான் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நூறைத் தாளில் எழுதி, நேர்காணலில் டெஸ்பாட்ச் தெரிந்த ஒருவர் "நூறு பண்டலுக்கு எத்தனை எல்.ஆர் வரும்?" என்று கேட்டுவிட்டால் அங்கேயே தடுமாறியிருப்பாள். இப்போது இரண்டு எண்ணும் அவள் கையில் இருக்கிறது. ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கொண்டு விளக்குவாள். 'கடின உழைப்பாளி' இருந்த இடத்தில் இந்த வரி போனது. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்:

"தீபாவளி சீசனில் நாளுக்குச் சுமார் 30 எல்.ஆர், 70 பண்டல் அளவுக்குச் சரக்கை பில்லோடு சரிபார்த்து, இரவு 7.30-க்கு பார்சல் ஆபீஸ் மூடுமுன் அனுப்பினேன். எல்.ஆர் நகல் அன்றிரவே வாங்கிய கடைக்காரருக்குப் போய்விடும்."

"ராத்திரி பத்து மணி வரைக்கும் இருந்துருக்கேன்க்கா, அதையும் போடலாம்ல?" என்றாள். வேண்டாம் என்றேன். பத்து மணி வரை இருந்தது நேரத்தைச் சொல்கிறதே தவிர அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஒருமுறை காய்ச்சலோடு போய் வேலை பார்த்ததையும் சொன்னாள். அதைக் கேட்டால் காட்சி நன்றாகவே கண்ணில் விரியும். எனக்கே மனசு கனத்துப் போனது. ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து தெரிவது அவள் பட்ட பாடு. வேண்டியது அவள் கைவேலை. கண்ணுக்குத் தெரிகிறது என்பதாலேயே ஒரு வரி சான்றாகிவிடாது. வேலை கொடுப்பவர் தன் இடத்தில் நாளைக்கு நடக்க வேண்டியதை அதில் பார்க்க வேண்டும்.

அடுத்தது 'டீம் பிளேயர்'. இந்தச் சொல்லுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. என் கணிப்பில் பயோடேட்டாவில் நிரூபிக்க மிகவும் கடினமான சொல்லும் இதுதான். "எல்லார்கூடயும் நல்லா பழகுவேன்" என்று எழுதினால் அது இன்னொரு வெறும் சொல். ஆகவே பழக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கைமாற்றத்தைக் கேட்டேன்: "உனக்கு முன்னாடி யார் கையில இருந்து வேலை வரும்? உன்கிட்ட இருந்து யார் கைக்குப் போகும்? அந்த இடத்துல எப்பவாவது சண்டை வந்துருக்கா?"

"சண்டை வராத நாளு ஏதுக்கா" என்று ஆரம்பித்தாள்.

பண்டல் போய்ச் சேர்ந்த பிறகு ஊரிலிருந்து போன் வரும். பில்லில் 48 பீஸ் இருக்கு, பண்டலில் 46-தான் இருக்கு என்பார்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று இப்படி வரும். முதலாளி சத்தம் போடுவார். பில் போட்டவள் பேக்கிங்கைக் கை காட்டுவாள், பேக்கிங் சேல்ஸைக் கை காட்டும். உண்மையில் நடந்தது என்னவென்றால், பில் போட்ட பிறகு ஒரு ரகம் இருப்பில் இல்லை என்று சேல்ஸ் பையன் வேறு ரகம் வைப்பான், அல்லது இரண்டு பீஸ் குறைப்பான். அதைப் பேக்கிங் அண்ணனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவான். பில் பழையபடியே இருக்கும்.

"அப்புறம் எப்படி நின்னுச்சு?"

"ஒரு சீட்டு போட்டோம்க்கா. சேல்ஸ்ல எடுக்குற பையன் எத்தனைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பேக்கிங் அண்ணன் தைக்கிறதுக்கு முன்னாடி எண்ணிட்டுப் போடணும். நான் பில்லோட ஒத்துப் பாத்துட்டுப் போடுவேன். அதுக்கப்புறந்தான் தையல்."

"யாரு யோசனை?"

சற்றுத் தயங்கினாள். "தைக்கிறதுக்கு முன்னாடி எண்ணணும்னு சொன்னது பேக்கிங் அண்ணன்க்கா. நான் சீட்டு அடிச்சேன், முதலாளிகிட்ட பேசினேன். அப்ப அதை நான் எழுத முடியாதுல்ல?"

இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். அந்த யோசனை தன்னுடையது என்று எழுதினால் அது ஒரு தனி ஆள் சாமர்த்தியம், அவ்வளவுதான். யோசனை ஒருவருடையது, சீட்டு இவளுடையது, கையெழுத்து மூன்று பேருடையது என்று எழுதும்போதுதான் கூட்டாக வேலை செய்தவள் என்பது அந்தச் சொல் இல்லாமலே தெரிகிறது. அடுத்தவர் பங்கை அளவாகச் சொல்லும் வரியைவிட 'டீம் பிளேயர்' என்பதற்கு வேறு நல்ல சான்று நான் பார்த்ததில்லை. எல்லா வரியும் "நான்", "நான்" என்றே போகும் தாளின் தலையில் 'டீம் பிளேயர்' என்று இருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இங்கே எண்தான் சிக்கல். டெஸ்க்டாப் சென்டர்காரரிடம் இதைச் சொன்னபோது, "புகாரை 80 சதவீதம் குறைத்தேன்னு போடுங்க" என்றாராம். அந்த எண்பது எங்கிருந்து வந்தது? புகாருக்குக் கணக்கு எதுவும் அவளிடம் இல்லை. கடையின் கிரெடிட் நோட்டைப் பார்த்தால் தெரியும், ஆனால் அது கடையின் கணக்கு. வேலையை விட்டு வந்தவள் அதைக் கேட்பது முறையல்ல. சதவீதத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. நூறு இருபதானாலும் எண்பது, ஐந்து ஒன்றானாலும் எண்பது. படிப்பவர் கண்ணில் எதுவும் தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று போன், பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் அந்தப் போன் சத்தமே கேட்கும். ஞாபகத்திலிருந்து வரும் எண்ணை ஞாபகத்தின் வடிவத்திலேயே விட்டுவிடுவதுதான் நேர்மை. கேட்டால் "கணக்கு வைக்கலை சார், என் ஞாபகத்துல இருந்து சொல்றேன்" என்று சொல்லச் சொன்னேன்.

அப்படியும் ஒருமுறை சரிபார்க்காமல் அனுப்ப மனமில்லை. பேக்கிங் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னேன். அவள் எழுதியிருந்தது "மூன்று மாதத்தில் புகார் குறைந்தது" என்று. ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது: "மூணு மாசமா? அஞ்சாறு மாசம் ஆச்சும்மா. மொதல்ல அந்த சேல்ஸ் பயலுக கையெழுத்தே போட மாட்டேன்னானுக. மறந்துட்டியா? கையெழுத்து இல்லாத பண்டலைத் தைக்காம நீதானே ஓரமா எடுத்து வைக்கச் சொன்ன. ஒரு நாளு முதலாளியே வந்து, ஏன் இம்புட்டு கெடக்குன்னு கேட்டாருல்ல?"

அவள் மறந்தேதான் போயிருந்தாள். சீட்டை அடிப்பது ஒரு மாலை வேலை. அதை மூன்று பேர் தினமும் போடும் பழக்கமாக்கியது ஐந்தாறு மாத வேலை. அந்தப் பகுதியைத்தான் அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவரிடம் ஐந்து நிமிஷம் பேசியதில் ஒரு தவறான எண் திருந்தியது, வரியின் உயிரான பகுதியும் கிடைத்தது.

எழுதி முடித்ததும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நல்லாயிருக்கா என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதைக் கேட்டதும் கண்ணுல என்ன தெரியுது?" என்றேன். "சாக்கு மூட்டை தெரியுது, கையில ஒரு சீட்டு தெரியுது. ஆனா எதுக்கு மூணு கையெழுத்து? பில்லுதான் இருக்கே" என்றார். காரணம் வரியில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வரியைக் கேட்டவர் "ஏன்?" என்று திருப்பிக் கேட்டால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது. சேர்த்தோம்:

"பில் போட்ட பிறகு நடக்கும் மாற்றம் பில்லுக்கு வராததால், பண்டலில் பீஸ் குறைகிறது என்று வாரம் 2, 3 புகார் வந்தது. தைப்பதற்கு முன் எண்ண வேண்டும் என்று பேக்கிங் பணியாளர் சொன்னார். அதற்கு எடுப்பவர், எண்ணுபவர், பில் போடுபவர் மூவரும் கையெழுத்திடும் சீட்டை நான் தயாரித்தேன். கையெழுத்து இல்லாத பண்டலைத் தைக்காமல் நிறுத்தினோம். ஆறு மாதத்தில் புகார் மாதம் 1, 2 ஆகக் குறைந்தது."

'நுணுக்கமாகக் கவனிப்பவர்' என்பதற்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தாளின் அடியில் "கம்ப்யூட்டர் அறிவு உண்டு" என்று ஒரு வரி. என்ன அறிவு என்று கேட்டால், "டேலி தெரியும்க்கா, இ-வே பில் போடுவேன்" என்கிறாள். இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. கேரளாவுக்குப் போகும் சரக்குக்கு வாரம் எட்டு, பத்து இ-வே பில் இவளேதான் போட்டிருக்கிறாள். கப்பலூரில் ஒரு டெஸ்பாட்ச் மேலாளருக்கு அந்த ஐந்து அடைமொழியையும்விட இது ஒன்றுதான் பெரிது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். போட்ட பில்லில் மதிப்போ பின்கோடோ தப்பாகிவிட்டால் அதைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வண்டி எண்ணை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதனால் இவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். உறுதி செய்யும் பொத்தானை அழுத்துமுன் பின்கோடையும் மதிப்பையும் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். அந்தப் பழக்கத்தை அப்படியே எழுதினோம். டேலி, இ-வே பில், எல்.ஆர் ஆகிய சொற்களை உள்ளதுபடியே வைத்தோம். வேலை தேடும் இணையதளங்களில் கம்பெனிக்காரர்கள் இந்தச் சொற்களைப் போட்டுத்தான் ஆள் தேடுவார்கள். கடின உழைப்பாளி என்று போட்டு யாரும் தேடுவதில்லை.

'வேகமாகக் கற்றுக்கொள்பவர்' என்பதற்கு அவளிடம் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டோம். 'நெருக்கடியில் வேலை செய்பவர்' என்பது ஏழரை மணி வரியிலேயே இருக்கிறது. சான்று கிடைக்காத சொல்லுக்குச் சான்று தயாரிக்க ஆரம்பித்தால் அது கதை கட்டுவதில் போய் முடியும்.

முதல் வரைவில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். எண் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டதும் எல்லா வரியிலும் எண்ணைத் திணித்துவிட்டேன். எத்தனை பில், எத்தனை ஊர், எத்தனை சேல்ஸ் பையன்கள், கோணி எத்தனை. மறுநாள் படித்தபோது சரக்கு இருப்புக் கணக்கு மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணைக் காணவில்லை. எந்த எண்ணை எடுத்தால் வரி தளர்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். வாடிக்கையாளர் கடைப் பெயர்கள், பழைய கடையின் விற்பனைத் தொகை இரண்டையும் முதலிலேயே தவிர்த்துவிட்டோம். அவை அவளுடையவை அல்ல. தவிர, பழைய இடத்துக் கணக்கை வெளியே சொல்பவள் நாளைக்கு நம் கணக்கையும் சொல்வாள் என்று படிப்பவர் நினைப்பார். வீட்டில் இருந்த ஒன்றரை வருஷத்தை மறைக்கவில்லை. "குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று தேதியோடு ஒரே வரி.

புதிய தாளை ஐந்து இடத்துக்கு அனுப்பினாள். இரண்டு இடத்திலிருந்து போன் வந்தது. ஒரு இடத்தில், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாளைத் திருத்தினால் அழைப்பு வரும்; அந்த அறைக்குள் கேட்கப்படும் எல்லாவற்றுக்கும் அது துணை நிற்காது.

இரண்டாவது இடத்தில் நடந்ததை அவளே வந்து சொன்னாள். ஸ்டோர்ஸ் மேலாளர் தாளைப் படித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளியிருக்கிறார். "அந்தச் சீட்டு எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டும்மா." நாலு கட்டம் போட்டு வரைந்திருக்கிறாள். ரகம், எடுத்தது, எண்ணியது, பில். கீழே மூன்று கையெழுத்துக்கு இடம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எடுத்த ஆள் சாப்பிடப் போயிட்டான், வண்டி வாசல்ல நிக்குது. என்ன பண்ணுவ?" என்று கேட்டாராம்.

"அந்தப் பண்டலை மட்டும் ஓரமா வைச்சுட்டு மத்ததை ஏத்திருவோம் சார். அது அடுத்த நாள் வண்டியில போகும். கடைக்காரருக்கு அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லிருவேன்."

அவர் அந்த வெள்ளைத் தாளை மடித்து, அவள் பயோடேட்டாவோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொண்டாராம்.